பிரசவம் பார்த்த டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும் நன்றிக் கடிதம்: முழுமையான வழிகாட்டி

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் நிதானமாக நன்றி சொல்லிவிட்டு வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் ஒரு பக்கம், கட்டி முடிக்காத பைகள் ஒரு பக்கம், வாசலில் வண்டி வந்து நிற்கிறது என்று போன். எதிரில் வருகிறவர்களிடம் எல்லாம் "ரொம்ப நன்றி சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே நடந்துவிடுகிறோம். நாம் உண்மையில் நன்றி சொல்ல வேண்டியவர் அந்த நேரம் பெரும்பாலும் அங்கே இருக்கமாட்டார்.

என் முதல் பிரசவத்தில் அதுதான் நடந்தது. இரவு முழுவதும் என் கூடவே இருந்த சிஸ்டர் விடிந்ததும் டியூட்டி முடிந்து போய்விட்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, குழந்தை தூங்கிய ஒரு மதியத்தில், மூன்று பக்கக் கடிதம் எழுதி மருத்துவமனை நிர்வாகத்தின் முகவரிக்கு அனுப்பினேன். அடுத்த பரிசோதனைக்குப் போனபோது வார்டில் விசாரித்தேன். அப்படி ஒரு கடிதம் வந்ததே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

என் அக்கா பிரசவ வார்டில் பல வருடங்களாக நர்ஸ். அவளிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். "யார் பேருக்கு அனுப்பினே?" என்று கேட்டாள். அப்புறம் "உள்ளே என்ன எழுதினே?" என்றாள். போனில் எடுத்து வைத்திருந்த நகலைக் காட்டினேன். பொறுமையாக முழுவதும் படித்துவிட்டு, "இதுல பாதி கேஸ் ஷீட்ல இருக்கிறதுதானேடி. அது அவங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாததை எழுதியிருக்கலாமே" என்றாள்.

அந்த ஒரு பேச்சிலிருந்துதான் இதில் நான் கற்றுக்கொண்டது எல்லாம் தொடங்கியது. அதற்குப் பிறகு என் இரண்டாவது பிரசவத்துக்கு நானே எழுதினேன். உறவிலும் நட்பிலும் பலருக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

மருத்துவ விவரம் இல்லாமல் ஏன் எழுத வேண்டும்

பிரசவம் முடிந்த புதிதில் நம் மனம் முழுக்க அந்த விவரங்கள்தான் இருக்கும். எத்தனை மணிக்கு வலி வந்தது, என்ன மருந்து போட்டார்கள், எந்த அளவு ஏறியது, எது இறங்கியது. கடிதம் எழுத உட்கார்ந்தால் கை தானாக அதைத்தான் எழுதும். ஆனால் அவை எல்லாம் ஏற்கெனவே பதிவில் இருக்கின்றன, நாம் எழுதுவதைவிடத் துல்லியமாகவே இருக்கின்றன. பதிவில் இல்லாதது ஒன்றுதான்: கட்டிலில் படுத்திருந்தவருக்கு அந்த நேரம் எப்படி இருந்தது, யார் செய்த எந்தச் சின்னக் காரியம் தாங்கிப் பிடித்தது என்பது. அதை நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு காரணம், அந்தக் கடிதம் போகும் இடம். நல்ல நன்றிக் கடிதம் ஒருவர் படித்து மடித்து வைப்பதோடு நிற்பதில்லை. நர்ஸ்கள் உடை மாற்றும் அறையில் ஒட்டுவார்கள், வார்டு வாசல் பலகையில் குத்தி வைப்பார்கள், அடுத்த ஷிஃப்டில் வருகிறவரிடம் வாசித்துக் காட்டுவார்கள். அந்த வழியாகப் போகிற எவரும் படிக்கலாம். உங்கள் உடம்பைப் பற்றிய விவரம் அதில் இருந்தால் ஒன்று அது சுவரில் தொங்கும், அல்லது அதற்காகவே உள்ளே பூட்டி வைக்கப்படும். இரண்டுமே நல்லதில்லை. அதில் இருக்கும் குழந்தையும் நாளைக்குப் பெரிய ஆளாகப் போகிறவர். பிறந்த நாளில் தனக்கு என்ன ஆயிற்று என்பதை யாரிடம் சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

அப்புறம், அதே பலகையை மற்ற அம்மாக்களும் பார்க்கிறார்கள். நாளைக்குப் பிரசவத்துக்குக் காத்திருப்பவர் உங்கள் கஷ்டத்தின் விவரத்தைப் படித்தால் இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். பிள்ளையை இழந்து வெறுங்கையோடு வீடு திரும்புகிறவரும் அந்த வழியாகத்தான் நடந்து போவார். உங்கள் சந்தோஷத்தை மறைக்க வேண்டியதில்லை. "எங்களுக்கு எந்தக் குறையும் வரவில்லை", "எல்லாம் நூற்றுக்கு நூறு" என்கிற மாதிரி வரிகளை மட்டும் விட்டுவிடலாம்.

நம் மொழியில் இதற்கு ஒரு சொற்றொடர் தயாராகவே இருக்கிறது: "தாயும் சேயும் நலம்." நடந்தது என்ன என்று கேட்கிற எல்லோருக்கும் அது முழுப் பதில். என்ன ஆனது என்பதைப் பற்றி ஒரு எழுத்துகூட அதில் இல்லை. கடிதத்தின் முதல் வரியாக இதை வைத்துவிட்டால் மருத்துவப் பகுதி முடிந்தது.

ஆனால் "சுகப்பிரசவம்" என்ற சொல்லில் கவனம் வேண்டும். ஒரு காலத்தில் நல்லபடியாக முடிந்த பிரசவம் என்ற பொருளில் சொல்லப்பட்டிருக்கலாம். இன்றைக்கு ஆபரேஷன் இல்லாமல் என்பதுதான் கேட்பவர் காதில் விழுகிறது. அதை எழுதினால் எந்த முறையில் பிரசவம் நடந்தது என்று சொல்லியாகிவிட்டது. ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு தாய் அதைப் படிக்கும்போது தன்னுடையது சுகம் இல்லாத பிரசவம் என்றும் தோன்றும். "பிரசவம் நல்லபடியாக முடிந்தது" என்று எழுதுங்கள். எல்லோருக்கும் பொருந்தும்.

முதல் படி: கிளம்புவதற்கு முன்பே குறித்து வையுங்கள்

இதை வீட்டுக்கு வந்து செய்யலாம் என்று விடாதீர்கள். வந்த மூன்றாம் நாளே முகங்கள் கலந்துவிடும். தூக்கமில்லாத இரவுகள் நினைவை அப்படிக் கலைத்துவிடும். மருத்துவமனையில் இருக்கும்போதே போனில் ஒரு குறிப்பைத் திறந்து, நாள், வேளை, பெயர், செய்த காரியம் என்று நான்கு சொல் எழுதி வைத்தால் போதும். "செவ்வாய் இரவு. நாற்காலி. விளக்கு போடவில்லை." இவ்வளவுதான். பெற்றவருக்கு முடியாவிட்டால் கூட இருப்பவர் எழுதலாம்.

வேளையை எழுதுவதுதான் முக்கியம். நர்ஸ்கள் வேலை செய்வது ஷிஃப்டில். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று குழு மாறும். பெயர் தெரியாவிட்டாலும் "செவ்வாய் இரவு டியூட்டி" என்று சொன்னால் வார்டில் இருப்பவர்கள் டியூட்டி அட்டவணையைப் பார்த்து யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். "அந்த உயரமான சிஸ்டர்" என்று சொன்னால் முடியாது.

பெயரை நேராகவே கேளுங்கள். "சிஸ்டர், உங்க பேர் என்ன?" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. அக்கா சொன்னது என் நினைவில் நிற்கிறது: இத்தனை வருடத்தில் அவளைப் பெயர் கேட்டவர்களில் பெரும்பாலோர் புகார் கொடுக்கக் கேட்டவர்கள். அதனால் கேட்கும்போதே, "உங்களுக்கு நன்றி எழுதணும், அதுக்காகக் கேட்கிறேன்" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது சகஜம், ஆகவே முழுப் பெயராகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நேரத்தில் வாய்வார்த்தையாகச் சொல்வதையும் விட வேண்டாம். அப்போது ஒரு காரியத்தின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னால் போதும். "நேத்து ராத்திரி நீங்க வந்து பக்கத்துல உட்கார்ந்தீங்களே சிஸ்டர், அது எனக்குப் பெரிய தைரியம்." பத்து நொடிகூட ஆகாது. வெறும் "ரொம்ப நன்றி" அன்றைக்கு அவர் கேட்ட இருபதோடு கலந்துவிடும். இது கலக்காது.

இரண்டாம் படி: ஒன்றல்ல, இரண்டு கடிதம்

டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதினால் அது டாக்டர் மேசையில் தங்கிவிடும். நர்ஸ்கள் அறைக்குப் போகாது. அதனால் இரண்டாக எழுதுங்கள். நர்ஸ்களுக்கு ஒரு பக்கம் நிறைய எழுதலாம், ஏனென்றால் அவர்கள் பல பேர், உங்களோடு இருந்த நேரமும் அதிகம். டாக்டருக்கு அரைப் பக்கம் போதும். கையால் எழுதுவதே நல்லது. எழுத்து அழகாக இல்லை என்று தயங்க வேண்டாம். படிக்க முடிந்தால் சரி.

எழுதுபவர் பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெளியே காத்திருந்தவரிடம் வேறொரு நன்றி இருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நின்றவருக்கு யார் வந்து என்ன சொன்னார்கள் என்பது உள்ளே இருந்தவருக்குத் தெரியாது. முடிந்தால் இருவரும் பேசி, இருவருடைய வரிகளையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்றாம் படி: எந்தக் காட்சியை எழுதுவது

குறித்து வைத்ததிலிருந்து மூன்று காட்சிகளுக்கு மேல் எடுக்காதீர்கள். எடுத்த ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியில் போட்டுப் பாருங்கள்: முன்பின் தெரியாத ஒருவர் இந்த வரியைப் படித்தால், என் உடம்பைப் பற்றியோ குழந்தையின் உடம்பைப் பற்றியோ ஏதாவது தெரிந்துகொள்வாரா? தெரிந்துகொள்வார் என்றால் அந்த வரியை மாற்ற வேண்டும். முழுக்கத் தூக்கிப்போட வேண்டியதில்லை. வரியில் இருக்கும் மருந்து, கருவி, அளவு, உறுப்பு, நோய் இவற்றின் பெயரை எடுத்துவிட்டு, அந்த நேரம் உங்கள் மனம் இருந்த நிலையை அங்கே வைத்தால் வரி நின்றுவிடும். சொல்லப்போனால் முன்பைவிட நன்றாக நிற்கும்.

போன வருடம் என் சித்தி மகளோடு அவளுடைய நன்றிக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது நடந்ததை அப்படியே சொல்கிறேன். அவள் முதலில் எழுதிய வரி இது:

"இரவு இரண்டு மணிக்கு எனக்கு பிரஷர் ஏறியபோது உடனே ஓடிவந்து ஊசி போட்டு, டாக்டருக்கு போன் செய்து, டிரிப்ஸ் மாற்றி, என் உயிரைக் காப்பாற்றிய சிஸ்டருக்கு நன்றி."

கோடு போட்டுக்கொண்டே வந்தோம். பிரஷர், ஊசி, டிரிப்ஸ் மூன்றும் போயின. "உயிரைக் காப்பாற்றிய" என்பதையும் எடுக்கச் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "உண்மைதானே அக்கா?" என்றாள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைப் படிக்கிற மூன்றாம் மனிதருக்கு உயிருக்கு ஆபத்து இருந்தது என்பது தெரிந்துவிடுகிறது, அது ஏன் வந்தது, யார் தவறு என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நிலையில் அந்த சிஸ்டர் இல்லை. அதனால் எடுத்தோம்.

மிச்சம் இருந்தது "இரவு இரண்டு மணி" மட்டும். "சரி, அதெல்லாம் முடிஞ்ச பிறகு அவங்க என்ன செஞ்சாங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "விளக்கைப் போடலை. பக்கத்துக் கட்டில்ல தூங்கிட்டிருந்தாங்கன்னு. நாற்காலியை இழுத்துப் போடாம தூக்கி வச்சாங்க, சத்தம் வராம. உட்கார்ந்து, நான் இங்கேதான் இருக்கேன்னு சொன்னாங்க" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. கடிதம் கிடைத்துவிட்டது.

நான்காம் படி: நர்ஸ்களுக்கான கடிதம்

கடைசியில் அவள் எழுதிக் கொடுத்த கடிதம் இது. அனுமதி வாங்கித்தான் போடுகிறேன்.

"பிரசவ வார்டு சிஸ்டர்கள் அனைவருக்கும்,

வணக்கம். தாயும் சேயும் நலமாக வீட்டில் இருக்கிறோம். நான் ஜன்னலோரக் கட்டிலில் நான்கு நாள் இருந்தவள்.

செவ்வாய்க்கிழமை இரவு டியூட்டியில் இருந்த சிஸ்டரிடம் முதலில் இதைச் சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணிக்கு நான் மிகவும் பயந்துபோயிருந்தேன். பக்கத்தில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடக்கூடாது என்று விளக்கைப் போடாமல், நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கி வைத்து உட்கார்ந்து, 'நான் இங்கேதான் இருக்கேன்' என்று சொன்னீர்கள். விடியும்வரை அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

காலை டியூட்டி சிஸ்டர் குழந்தையை எப்படித் தூக்குவது என்று எனக்கு மூன்று தடவை காட்டிக்கொடுத்தீர்கள். மூன்றாவது தடவையும் முதல் தடவை மாதிரியே பொறுமையாகச் சொன்னீர்கள். இப்போது வீட்டில் மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன், உங்கள் வார்த்தைகளிலேயே.

வெளியே நின்றிருந்த என் கணவரிடம் செய்தி சொல்ல வந்த சிஸ்டர், 'அம்மா நல்லா இருக்காங்க' என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் குழந்தையைப் பற்றிச் சொன்னீர்களாம். வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அறையைச் சுத்தம் செய்ய வந்த அக்கா தினமும் குழந்தையைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார். அவரிடமும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

எங்களைப் பார்த்துக்கொண்டதற்கு மனமார்ந்த நன்றி."

கீழே கையெழுத்து, தேதி. அவ்வளவுதான்.

"ஜன்னலோரக் கட்டில், நான்கு நாள்" என்ற வரி எதற்கு என்றால், அந்த வார்டில் எத்தனையோ பேர் வந்து போகிறார்கள். பெயரை மட்டும் பார்த்து நினைவுக்குக் கொண்டுவர முடியாது. நோயின் பெயரைச் சொல்லி அடையாளம் காட்டுவதற்குப் பதில் இடத்தைச் சொல்லி அடையாளம் காட்டுகிறோம். ஜன்னலோரம், கதவுக்குப் பக்கம், அன்றைக்கு மின்சாரம் போன இரவு, எதுவாக இருந்தாலும் சரி.

இரவு சிஸ்டர் முதலில் வந்தது வேண்டுமென்றே செய்தது. இரவில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் நன்றி குறைவாகக் கிடைக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பகலில் வருகிறார்கள், டிஸ்சார்ஜும் பகலில்தான். நீங்கள் நன்றி சொல்லும் நேரத்தில் அவர்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

"மூன்றாவது தடவையும் பொறுமையாக" என்பது எனக்கு மிகவும் பிடித்த வரி. "நீங்கள் பொறுமையானவர்" என்று எழுதியிருந்தால் பாராட்டாக மட்டும் இருந்திருக்கும். இதில் அவர் செய்தது தெரிகிறது. "அன்பான, கனிவான, சிறப்பான" என்று வரும் சொற்களை எல்லாம் இப்படி ஒரு காரியமாக மாற்றிப் பாருங்கள். மாற்ற முடியாவிட்டால் அந்தச் சொல்லை விட்டுவிடலாம்.

சுத்தம் செய்கிறவர், சக்கர நாற்காலி தள்ளியவர், சாப்பாட்டுத் தட்டு கொண்டுவந்தவர் இவர்களில் யாரையாவது ஒருவரையாவது குறிப்பிடுங்கள். அந்த வரியை யாராவது அவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவார்கள்.

ஐந்தாம் படி: டாக்டருக்கான கடிதம்

டாக்டரைப் பற்றி எழுதும்போது மருத்துவ விவரத்தைத் தவிர்ப்பது இன்னும் கடினம், ஏனென்றால் அவரோடு நாம் பேசியதே அதைப் பற்றித்தான். அதனால் அவர் என்ன செய்தார் என்பதை விட்டுவிட்டு, எப்படிப் பேசினார், எப்படிக் கேட்டார் என்பதை எழுதுங்கள். நான் என் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எழுதியது:

"டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் பிரசவம் பார்த்த எங்கள் மகளுக்கு இன்றோடு ஐந்து வாரம். இருவரும் நலம்.

ஒவ்வொரு தடவை வரும்போதும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவேன். கடைசிக் கேள்வி வரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டீர்கள். அன்றைக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தபோது, வீட்டாரிடம் பேசுவதற்கு முன்னால் என்னிடம் வந்து பேசினீர்கள். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்று சொல்லும் நிலையில் நான் இல்லை. இன்று சொல்கிறேன்.

அன்று உங்களோடு இருந்த மற்ற டாக்டர்களுக்கும் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள்."

"ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தபோது" என்ற இடத்தைப் பாருங்கள். என்ன முடிவு என்று டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மற்றவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்த மாதிரி "அந்த நேரத்தில்", "அன்று மாலை", "நாங்கள் காத்திருந்தபோது" என்ற பொதுவான சொற்கள் உங்களுக்கும் அவருக்கும் மட்டும் புரிகிற மாதிரி வேலை செய்யும்.

கடைசி வரியும் தேவை. கர்ப்பகாலம் முழுவதும் பார்த்த டாக்டரும் பிரசவத்தன்று இருந்த டாக்டரும் வேறு வேறாக இருக்கலாம். குழந்தையைப் பார்த்தவர், மயக்க மருந்து கொடுத்தவர் என்று வேறு சிலரும் இருந்திருக்கலாம். துறையின் பெயரைச் சொன்னாலே நடந்தது என்ன என்று பாதி தெரிந்துவிடும். "உங்களோடு இருந்த மற்ற டாக்டர்கள்" என்றால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள்.

சொற்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். "நீங்கள்தான் எங்கள் கடவுள்", "எனக்கு மறுபிறவி கொடுத்தீர்கள்" என்று நம்மில் பலர் எழுதுகிறோம். மனசார எழுதுவதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கடவுள் என்று சொல்லும்போது அவர் படித்தது, தூங்காமல் நின்றது, யோசித்து முடிவெடுத்தது எல்லாம் பின்னால் போய்விடுகிறது. மறுபிறவி என்றால் சாவின் பக்கம் போய் வந்தோம் என்பதும் அதில் சேர்ந்தே வருகிறது. "தங்களது மேலான சேவைக்கு" என்கிற அலுவலகத் தமிழும் வேண்டாம். எழுதியவர் முகம் அதில் தெரியாது. நமக்கு "பார்த்துக்கொண்டீர்கள்" என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரு வேலையையும் ஒரு பாசத்தையும் அது ஒன்றாகச் சொல்லிவிடுகிறது. எனக்குத் தெரிந்து அதைவிடப் பொருத்தமான சொல் இதற்கு இல்லை. இன்னொன்று, சிஸ்டர் உங்களைவிட எவ்வளவு சின்னவராக இருந்தாலும் கடிதத்தில் "நீங்கள்" என்றே எழுதுங்கள். வார்டில் பாசத்தில் "நீ" என்று பேசியிருந்தாலும், சுவரில் ஒட்டும்போது மரியாதை தெரிய வேண்டும்.

ஆறாம் படி: கடிதம் போய்ச் சேர

என் முதல் கடிதம் தொலைந்தது இங்கேதான். உறையின் மேல் "நிர்வாகம்" என்று எழுதாமல், வார்டின் பெயர், மாடி, "பிரசவ வார்டு சிஸ்டர்கள்" என்று எழுதுங்கள். முடிந்தால் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை இருக்கும், அந்த நாள் இதற்கு வசதி. டாக்டருடைய கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு அப்படியே வார்டுக்குப் போய்விடலாம். அதற்குள் உங்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கும்.

வார்டுக்குப் போகும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். ஷிஃப்ட் மாறும்போது ஒவ்வொரு கட்டிலைப் பற்றியும் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி ஒப்படைப்பார்கள். அந்த நேரத்தில் குறுக்கிட்டால் ஏதாவது ஒன்று விட்டுப்போகலாம். மாறும் நேரத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரத்தை விட்டுவிடுங்கள். உள்ளே நுழையாமல் நர்ஸ்கள் மேசை அருகே நின்று, "இதைக் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றால் போதும். அவர்கள் எழுந்து வந்து குழந்தையைப் பார்த்தால் சந்தோஷம். வேலையில் இருந்தால் கடிதத்தை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

இதோடு இன்னும் ஒரு சின்னக் கடிதம் எழுதினால் அந்த நர்ஸுக்கு அது உண்மையிலேயே உதவும். நர்ஸ்களுக்கு மேலே ஒரு பொறுப்பாளர் இருப்பார், நர்சிங் சூப்பரின்டென்டென்ட் என்றோ வேறு பெயரிலோ. அவருக்கு நான்கு வரி போதும்: எந்த வார்டு, எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், நர்ஸின் முழுப் பெயர், அவர் செய்த ஒரு காரியம். கடைசியில், "இதை அவருடைய பணிப் பதிவில் சேர்க்க முடிந்தால் மகிழ்வோம்" என்று எழுதுங்கள். வாயால் சொன்ன நன்றி மனதில் நிற்கும்; இந்தக் கடிதம் வருடக் கடைசியில் அவரைப் பற்றி எழுத உட்காருகிறவரின் கையில் இருக்கும். இங்கேயும் அதே விதிதான், உங்கள் உடம்பைப் பற்றி ஒன்றும் வேண்டாம்.

பணம் கொடுக்காதீர்கள். எவ்வளவு அன்போடு கொடுத்தாலும் வாங்கியவருக்குத்தான் சங்கடம், வேலைக்கே பிரச்சினை ஆகலாம். ஏதாவது பொருள் கொடுக்க ஆசை என்றால், வாங்கிக்கொள்ளலாமா என்று முதலில் கேட்டுக்கொண்டு, ஒருவருக்கு என்று இல்லாமல் எல்லா ஷிஃப்டும் பகிர்ந்துகொள்கிற மாதிரி கொடுங்கள்.

போட்டோவும் பொதுவில் போடுவதும்

குழந்தையோடு சிஸ்டர் நிற்கும் போட்டோவை எல்லோரும் பார்க்கும்படி போட நினைத்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றாலும் மருத்துவமனையின் விதி அனுமதிக்காமல் இருக்கலாம், அதையும் அவரே சொல்வார். போட்டோவின் பின்னணியை ஒரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர், சுவரில் எழுதியிருக்கும் பெயர்கள், குழந்தையின் மணிக்கட்டில் இருக்கும் பட்டை, கட்டில் காலில் தொங்கும் தாள், இவற்றில் எது தெரிந்தாலும் வேண்டாம்.

டாக்டரைப் பாராட்டிப் பொதுவில் எழுதினால் அவரால் பதிலுக்கு அதிகம் பேச முடியாது. நீங்கள் அவரிடம் சிகிச்சை பெற்றவர் என்பதைச் சொல்வதுகூட அவருக்கு ரகசியம் காக்க வேண்டிய விஷயம். பதில் வரவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். கடிதத்துக்கும் அப்படித்தான்.

எல்லாமே நன்றாக இல்லை என்றால்

சிலருக்கு இரவு சிஸ்டர் தெய்வமாக இருந்திருப்பார், பகலில் ஒருவர் கடுமையாகப் பேசியிருப்பார். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதாதீர்கள். "மற்றவர்களைப் போல இல்லாமல் நீங்கள்" என்று ஆரம்பிக்கும் நன்றி, சக ஊழியர்கள் முன்னால் அவரைத்தான் தர்மசங்கடத்தில் விடும். அதைச் சுவரில் ஒட்டவும் முடியாது. குறை இருந்தால் அதற்கு உரிய இடத்தில் தனியாக எழுதுங்கள்; அங்கே மருத்துவ விவரம் தாராளமாக வரலாம், வரவும் வேண்டும். நன்றிக் கடிதத்தில் "சிஸ்டர்கள் அனைவருக்கும்" என்று தொடங்க மனம் வராவிட்டால், நன்றி உள்ள ஒருவருக்கு மட்டும் அவர் பெயருக்கே எழுதுங்கள். எல்லோரையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நாள் கடந்துவிட்டது என்று விட்டவர்களும் இருக்கிறார்கள். ஆறு மாதம் ஆனாலும், முதல் பிறந்த நாள் வந்துவிட்டாலும் எழுதலாம். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுத வேண்டாம். "எங்கள் மகளுக்கு இன்று ஒரு வயது" என்று தொடங்கினால் அதற்கான காரணம் அதிலேயே இருக்கிறது. நாளாகிவிட்டதால் அந்த நர்ஸ் வேறு வார்டுக்குப் போயிருக்கலாம், அதனால் உறையின் மேல் அவர் பெயருக்குக் கீழே, அன்று வேலை பார்த்த வார்டையும் தேதியையும் எழுதி, "இடம் மாறியிருந்தால் அவரிடம் சேர்த்துவிடவும்" என்று எழுதுங்கள். என் முதல் பிரசவத்தில் இருந்த அந்த இரவு சிஸ்டருக்கு, மகனுக்கு இரண்டு வயதான பிறகு இப்படித்தான் எழுதினேன். தேதியையும் இரவு டியூட்டியையும் வைத்து வார்டில் தேடி, வேறு மாடியில் இருந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள்.